பழைய பதிவுகளைச் சுழற்சியில் விடுவது: அடிக்கடி திரும்பி வராமல் வரிசை வைப்பது எப்படி?

மாடித்தோட்டம்_சேலம்:
வணக்கம். மாடித்தோட்டக் குறிப்புகளுக்கு ஒரு டெலிகிராம் சேனலும் ஃபேஸ்புக் பக்கமும் இருக்கு. எழுதி வச்ச குறிப்புகள் எல்லாம் கூகுள் ஷீட்ல, மொத்தம் 64 வரி. தினமும் காலைல ஒரு ஸ்கிரிப்ட் அதுலேர்ந்து ஒண்ணை எடுத்துப் போடும். எடுக்கிறது `Math.random()` வச்சுத்தான்.

பிரச்சினை என்னன்னா, வேப்பெண்ணெய்க் கரைசல் பதிவு போன வாரம்தான் போச்சு, இந்த வாரம் மறுபடி வந்து நிக்குது. மண்கலவை பத்தின பதிவு வந்து ரொம்ப நாளாச்சு. 64 இருக்கும்போது ஏன் இப்படி ஆகுது? புதுசா எழுதிக்கிட்டே இருக்கணுமா, இல்ல இருக்கிறதையே ஒழுங்கா சுத்த விட வழி இருக்கா?

நெல்லை_பையன்:
இது ரொம்ப சிம்பிள். ஒரு பதிவு போனதும் அந்த வரிக்கு டிக் போடுங்க. டிக் இல்லாததுலேர்ந்து மட்டும் ரேண்டமா எடுங்க. எல்லாத்துக்கும் டிக் விழுந்ததும் மொத்தமா அழிச்சிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிங்க. 64 நாளைக்கு ஒண்ணு கூட திரும்ப வராது.

ஸ்கிரிப்ட்_ராமு:
நெல்லை தம்பி சொன்னது பாதி சரி. ஒரு சுற்றுக்குள் திரும்ப வராது, உண்மைதான். சுற்று மாறுகிற இடத்தில்தான் கோளாறு. 64-ஆம் நாள் போன பதிவு, டிக் எல்லாம் அழிந்தவுடன் 65-ஆம் நாளே மறுபடி வரலாம். கடைசி வாரத்தில் போனவற்றில் ஒன்றாவது அடுத்த சுற்றின் முதல் வாரத்தில் தலைகாட்ட நல்ல வாய்ப்பு உண்டு. படிப்பவருக்குச் சுற்றும் தெரியாது, டிக்கும் தெரியாது. "போன வாரம் பார்த்தோமே" என்பது மட்டும்தான் தெரியும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு நாளும் மொத்தப் பட்டியலிலிருந்து குலுக்கினால், சீக்கிரம் திரும்ப வருவதுதான் இயல்பு. 60 பதிவு, தினம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தே நாளில் ஏதாவது ஒன்று இரண்டு முறை வர ஏறக்குறைய 55 சதவீத வாய்ப்பு. இன்னொரு பக்கம், 60 நாள் முடியும்போது சராசரியாக 22 பதிவு ஒருமுறைகூட வந்திருக்காது. உங்கள் வேப்பெண்ணெயும் மண்கலவையும் இந்தக் கணக்கில்தான் மாட்டியிருக்கின்றன. ஸ்கிரிப்ட் கெட்டுப்போகவில்லை.

டிக்குக்குப் பதிலாக "கடைசியாகப் போன தேதி" என்று ஒரு பத்தி வையுங்கள். தேதி வாரியாகப் பட்டியலை அடுக்கி, மிகப் பழைய மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, அதற்குள் குலுக்குங்கள். இப்போது போன பதிவு வரிசையின் கடைசிக்குப் போய்விடும். முன்னால் இருப்பவை ஒவ்வொன்றாகப் போய் அது முன் மூன்றில் ஒரு பங்குக்குள் வந்தால்தான் மறுபடி குலுக்கலில் சேரும். 64 பதிவில் முன்வரிசை 22 என்றால், ஒரு பதிவு திரும்ப வர நடுவில் குறைந்தது 42 வேறு பதிவுகள் போயாக வேண்டும். சுற்று என்ற ஒன்றே இல்லாததால் மேலே சொன்ன எல்லைக் கோளாறும் இல்லை.

```
const GAP = 14 * 864e5;   // 14 நாள், மில்லிசெகண்டில்

function pick(rows, now, lastCat) {
  const live = rows.filter(r => r.on && inSeason(r, now));
  live.sort((a, b) => a.last - b.last);
  const old = live.slice(0, Math.ceil(live.length / 3));
  const ok = old.filter(r => r.cat !== lastCat
                          && now - r.last >= GAP);
  return ok.length
    ? ok[Math.floor(Math.random() * ok.length)] : null;
}
```

`GAP` வெறும் காவல். பட்டியல் எதிர்பாராமல் சுருங்கிவிட்டால் மட்டும் அது வேலை செய்யும். `null` வந்தால் அன்று எதையும் போடாதீர்கள். ஒருநாள் சேனல் சும்மா இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். திரும்ப வந்தால் கவனிப்பார்கள்.

நெல்லை_பையன்:
அப்போ எதுக்கு அண்ணே குலுக்கணும்? மிகப் பழசையே நேரா எடுத்துட்டா 64 நாள் கேப் கிடைக்குமே.

ஸ்கிரிப்ட்_ராமு:
கிடைக்கும். ஆனால் வரிசை உறைந்து போய்விடும். மண்கலவைக்கு அடுத்த நாள் எப்போதும் பஞ்சகவ்யா, அதற்கு அடுத்த நாள் எப்போதும் மாவுப்பூச்சி என்று ஒவ்வொரு சுற்றும் அதே ஜோடி. 63-க்குப் பதில் 42 என்று கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் அந்த ஜோடி உடையும். இதற்கும் ஒரு விலை உண்டு. முன்வரிசைக்குள் வந்த பதிவுக்கு அதிர்ஷ்டம் இல்லையென்றால் சராசரியைவிட ரொம்பத் தள்ளிப்போகலாம். என்றைக்கும் செல்லும் பதிவுகளுக்கு அது பரவாயில்லை. பருவம் பார்த்துப் போக வேண்டியதற்கு ஆகாது.

குறள்_தினம்:
என் விஷயம் கொஞ்சம் வேறு. தினம் ஒரு குறள் போடும் பக்கம். 1330 இருக்கிறது, தீர்ந்துபோகும் கவலை இல்லை. ஆனால் வரிசையாகப் போட்டால் பத்து நாளைக்கு ஒரே அதிகாரம் ஓடுகிறது. அதிகாரம் மாறி மாறி வரட்டும் என்று 133 எண் தள்ளித் தள்ளி எடுக்கிறேன். 1, 134, 267 என்று போகும். பத்து நாளிலேயே முதல் குறள் திரும்ப வந்துவிட்டது. இதற்கும் தேதிப் பத்தி வைக்க வேண்டுமா?

ஸ்கிரிப்ட்_ராமு:
உங்களுக்குத் தேதிப் பத்தியே வேண்டாம். ஒரே ஒரு எண் போதும். 1330-ஐ 133 மிச்சமில்லாமல் வகுக்கிறது. அதனால் பத்து தாவலில் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடுகிறீர்கள். 1330 என்பது 2, 5, 7, 19 ஆகியவற்றின் பெருக்கல். இந்த நான்கில் எதனாலும் வகுபடாத எண்ணைத் தாவலாக வையுங்கள். உதாரணமாக 391. 1, 392, 783, 1174 என்று போய், 1330-ஐத் தாண்டியதும் அதைக் கழித்துவிட்டால் அடுத்தது 235. 1330 குறளும் ஒருமுறை போன பிறகுதான் முதல் குறள் வரும். அதற்கு மூன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். பட்டியல் கூடாது குறையாது, பருவமும் கிடையாது என்பதால்தான் உங்களுக்கு இது செல்லும். சேலத்துக்காரருக்குச் செல்லாது.

ஷாப்_கண்ணன்:
நல்ல இழை. எங்க கடை ஆஃபர் போஸ்ட்டை ஒரு நாளைக்கு மூணு தடவை போடணும், காலை மதியம் ராத்திரி. ஒரே போஸ்ட்தான். அதை இந்த முறைல பண்ண முடியுமா? எக்ஸ் தளத்துல ரெண்டாவது தடவை போகவே மாட்டேங்குது.

செல்வி.பா:
கண்ணன் சார், இங்கே பேசுவது அதற்கு நேர் எதிரானது. திரும்ப வராமல் இருக்க வழி தேடுகிறார்கள். நீங்கள் கேட்பது ஒரே விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் போட. எக்ஸில் அதே வாசகத்தை உடனே மறுபடி அனுப்பினால் `You are not allowed to create a Tweet with duplicate content` என்று திருப்பிவிடும். ஆஃபரைப் பக்கத்தின் மேலே பின் பண்ணி வைத்துவிடுங்கள், வேலை முடிந்தது.

நெல்லை_பையன்:
கடைசில ஒரு எமோஜி சேர்த்தா போயிடும் சார்.

செல்வி.பா:
போய்விடும், ஆனால் அது வெறும் எழுத்துப் பொருத்தத்தைத்தான் ஏமாற்றும். கிட்டத்தட்ட ஒரே உள்ளடக்கத்தைத் திரும்பத் திரும்பப் போடுவதும், பல கணக்குகளிலிருந்து ஒரே பதிவைப் போடுவதும் அவர்கள் விதியிலேயே தடை. 2018-இல் அதை இறுக்கினார்கள். அதன் பிறகு பதிவு சுழற்றித் தரும் பல கருவிகள் எக்ஸுக்கு மட்டும் அந்த வசதியை எடுத்துவிட்டன. எமோஜி மாற்றுவதை ஒரு வழியாக எண்ணி வரிசை அமைக்காதீர்கள்.

சேலத்துக்காரருக்கு ஒன்று கேட்க வேண்டும். அந்த 64-இல் பருவத்துக்கு மட்டும் ஆகிறவை எத்தனை? ஏப்ரலில் நிழல்வலை, ஆடியில் விதைப்பு என்று இருக்குமே. அவை பிப்ரவரியில் வரக்கூடாது. அப்படியென்றால் உங்கள் பட்டியல் 64 இல்லை.

மாடித்தோட்டம்_சேலம்:
இப்பத்தான் எண்ணிப் பார்த்தேன் மேடம். எப்பவும் போடலாம்ங்கிறது 40. ஆடிப்பட்டம் 12, மழைக்காலம் 7, கோடை 5. பருவம் மாறுனா நானே கையால வரியை மறைச்சு வைப்பேன்.

செல்வி.பா:
அதுதான் விஷயம். வரிசையை வடிவமைக்கும்போது மொத்தத்தைப் பார்க்காதீர்கள். வருஷத்திலேயே வறண்ட மாதத்தில் எத்தனை பதிவு உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். உங்களுக்கு அது பிப்ரவரி, மார்ச். அப்போது 40-தான். தினம் ஒன்று போட்டால் ஒரு பதிவு சராசரியாக 40 நாளில் திரும்பும். ராமு சார் முறையில் முன்வரிசை 14, நடுவில் குறைந்தது 26 வேறு பதிவு. ஆகச் சீக்கிரமாக 27-ஆம் நாளே திரும்பலாம்.

ஃபேஸ்புக்கில் இது போதும். அங்கே பக்கத்தைப் பின்தொடர்பவரில் கொஞ்சம் பேருக்குத்தான் ஒரு பதிவு கண்ணில் படுகிறது. டெலிகிராம் அப்படி இல்லை. சேனலைத் திறந்து விரலால் நாலு தள்ளு தள்ளினால் போன மாதப் பதிவு அப்படியே கிடக்கும். அங்கே கிட்டத்தட்ட இரண்டு மாத இடைவெளியாவது வேண்டும் என்பேன். அதற்குப் புதிதாக 40 எழுத வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். அதே 27-ஆவது பதிவு என்பது 54-ஆம் நாள் ஆகிவிடும், சராசரி 80 நாள். பட்டியலைப் பெருக்குவதைவிட வேகத்தைக் குறைப்பது சுலபம். பலர் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை.

இன்னொன்று. வேப்பெண்ணெய் பற்றி மட்டும் எத்தனை வரி இருக்கிறது?

மாடித்தோட்டம்_சேலம்:
மூணு மேடம். ஒண்ணு அளவு, லிட்டருக்கு 5 மில்லி, கூடவே கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். ஒண்ணு மாவுப்பூச்சிக்குத் தெளிக்கிறது. ஒண்ணு வெயில்ல தெளிக்கக்கூடாது, சாயங்காலம் தெளிக்கணும்னு.

செல்வி.பா:
படிப்பவருக்கு மூன்றும் ஒன்றுதான், "மறுபடி வேப்பெண்ணெய்". ஷீட்டுக்கு மூன்று தனி வரி. நீங்கள் முதலில் புகார் சொன்ன அந்த இரண்டும் ஒரே வரியா, அல்லது இரண்டு வேறு வரியா என்று பார்த்தீர்களா?

"குடும்பம்" என்று ஒரு பத்தி சேருங்கள். மூன்று வரிக்கும் `veppennei` என்று ஒரே பெயர். குடும்பத்தில் எவர் கடைசியாகப் போனாரோ அந்தத் தேதியை வைத்துத்தான் வரிசையில் இடம். குடும்பத்தின் முறை வரும்போது, உள்ளே யார் போய் ரொம்ப நாளாயிற்றோ அவர் போவார். ஆக இரண்டு தேதி வேண்டும், குடும்பத்துக்கு ஒன்று, வரிக்கு ஒன்று. ஒரே தேதியை மூன்று வரியிலும் எழுதிவிட்டால் உள்ளே யார் முறை என்று தெரியாமல் போய்விடும்.

இப்படி மூன்று குடும்பம், ஒவ்வொன்றிலும் மூன்று பேர் என்றால் உங்கள் 40 உண்மையில் 34. இந்த எண்ணைப் பார்த்தால்தான் எதற்குப் புதிதாக எழுத வேண்டும் என்று தெரியும். வேப்பெண்ணெய்க்கு நாலாவது எழுதினால் வரிசை ஒரு நாள்கூட நீளாது.

மாடித்தோட்டம்_சேலம்:
ரெண்டு வேற வரிதான் மேடம்! இப்பப் பார்த்தேன். குடும்பப் பத்தி சேர்த்துட்டேன். கையால மறைக்கிற வேலையையும் விட்டுடலாம்னு `inSeason` எழுதிப் பார்த்தேன். மழைக்காலம் அக்டோபர்லேர்ந்து ஜனவரி 10 வரைக்கும்னு குடுத்தா ஒண்ணுமே எடுக்க மாட்டேங்குது. ஆடிப்பட்டம் ஒரு மாசம் தள்ளி வருது.

ஸ்கிரிப்ட்_ராமு:
இரண்டும் தெரிந்த வியாதிதான். `getMonth()` ஜனவரியை 0 என்று எண்ணும். ஜூலை என்றால் 6. ஒன்று கூட்ட மறந்திருப்பீர்கள். மழைக்காலம் வருஷ எல்லையைத் தாண்டுகிறது. அக்டோபரைவிடப் பெரியது, ஜனவரியைவிடச் சிறியது என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டால் அப்படி ஒரு நாள் காலண்டரிலேயே கிடையாது.

ஆடி ஜூலை நடுவில் பிறப்பதால் மாதக் கணக்கு மட்டும் போதாது. மாதத்தையும் நாளையும் சேர்த்து ஒரே எண்ணாக வையுங்கள். ஜூலை 15 என்றால் 715, ஜனவரி 10 என்றால் 110. எப்போதும் போகலாம் என்பதற்கு 101, 1231.

```
function inSeason(r, d) {
  const x = (d.getMonth() + 1) * 100 + d.getDate();
  return r.from <= r.to
    ? x >= r.from && x <= r.to
    : x >= r.from || x <= r.to;
}
```

இதை வைத்தவுடன் அடுத்த தலைவலி ஆடி பிறக்கும்போது வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த 12 பதிவும் போன வருஷம் போனவை. தேதி வாரியாக அடுக்கினால் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கும். அப்போது உயிரோடு இருப்பவை 52, முன்வரிசை 18, அதில் 12 ஆடி. `cat !== lastCat` இருப்பதால் இரண்டு ஆடி அடுத்தடுத்து வராது, ஆனாலும் தொடக்கத்தில் பெரும்பாலும் ஒன்றுவிட்டு ஒன்று ஆடியாகவே இருக்கும். ஜூலை முடிவதற்குள் பாதியோ அதற்கு மேலோ போய்விடும், ஆகஸ்டுக்குச் சிலவே மிஞ்சும்.

செல்வி.பா:
ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 31 வரை 48 நாள். 12 பதிவு. தினம் ஒன்று என்றால் நாலு நாளைக்கு ஒரு ஆடி, சரியாகப் பொருந்துகிறது. ஃபேஸ்புக்குக்கு "கடைசி மூன்று பதிவில் இந்த வகை இருக்கக்கூடாது" என்று வைத்தால் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் போகும் டெலிகிராமில் மொத்தமே 24 பதிவுதான், அங்கே ஒன்றுவிட்டு ஒன்று ஆடியாக இருப்பதுதான் சரி.

ஆனால் ஒன்று, 12-ம் ஒரே மாதிரி இல்லை. அவரை, புடலை, பீர்க்கன் விதை ஊன்றுவது முதல் இரண்டு வாரத்தில் போக வேண்டும். கொடிக்குப் பந்தல் கட்டுவது ஆகஸ்டில். குலுக்கல் இதைத் திருப்பிப் போட்டால் பந்தல் முதலில் வந்து விதை கடைசியில் வரும். எல்லாவற்றுக்கும் 715, 831 என்று எழுதாமல், விதைக்கு 710 முதல் 731, பந்தலுக்கு 805 முதல் 831 என்று குறுக்குங்கள். விதை வாங்கவே ஒரு வாரம் வேண்டும், அதனால் ஆடிக்குக் கொஞ்சம் முன்னாலேயே தொடங்குவது நல்லது.

நெல்லை_பையன்:
பருவப் பதிவை இந்தச் சுழற்சிலேயே விடாம, நேரடியா தேதி குறிச்சு ஷெட்யூல் பண்ணிட்டா என்ன? மெட்டா பிசினஸ் சூட்ல அந்த வசதி இருக்கே.

செல்வி.பா:
விதைப் பதிவுக்கு அதுவே மேல் என்றுதான் எனக்கும் படுகிறது. தவறினால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டிய பதிவை ஏன் குலுக்கலில் விட வேண்டும்?

ஸ்கிரிப்ட்_ராமு:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. வருஷா வருஷம் யாரோ உட்கார்ந்து தேதி குறிக்க வேண்டும். ஒரு வருஷம் மறந்தால் மொத்தமும் போச்சு. ஜன்னலைக் குறுக்கி வைத்தால் தானாகவே நடக்கும். அவரவர் பழக்கம்.

மாடித்தோட்டம்_சேலம்:
ராமு சார், உங்க ஸ்கிரிப்ட்டைப் போட்டு ஓட விட்டேன். இப்ப ரெண்டு விசித்திரம். சில நாள் எதுவுமே போகல. போறதும் ஒரு பத்துப் பதினஞ்சு பதிவுதான் மாத்தி மாத்திப் போகுது, ரெண்டு வாரம் தாண்டுனதும் அதே வருது. மீதி இருக்கிறது அசையவே இல்ல. கடைசித் தேதி எல்லாம் நான் பழைய சேனலைப் பார்த்துக் கையால டைப் பண்ணுனதுதான்.

ஸ்கிரிப்ட்_ராமு:
அந்தத் தேதிப் பத்தியைப் பாருங்கள். சில கட்டங்களில் தேதி வலப்பக்கம் ஒட்டியும் சிலவற்றில் இடப்பக்கம் ஒட்டியும் இருக்கிறதா?

மாடித்தோட்டம்_சேலம்:
ஆமா! பாதிக்கு மேல இடப்பக்கம்தான். 13/12, 25/11 இதெல்லாம் இடப்பக்கம். 05/12 வலப்பக்கம். எப்படிச் சொன்னீங்க?

ஸ்கிரிப்ட்_ராமு:
ஷீட் அமெரிக்க வழக்கத்தில் இருக்கிறது. அங்கே மாதம் முதலில். நீங்கள் 25/11 என்று அடித்தால் 25-ஆவது மாதம் கிடையாது என்று அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். எழுத்து இடப்பக்கம் ஒட்டும், தேதி வலப்பக்கம் ஒட்டும். 05/12-ஐ மே 12 என்று எடுத்துக்கொண்டது. டிசம்பரில் போன பதிவு மே மாதத்தில் போனதாகக் கணக்கு, அதனால் முன்னால் வந்து நிற்கிறது.

எழுத்தாகக் கிடப்பதை `now - r.last` கழிக்கும்போது விடை `NaN`. அது `GAP`-ஐவிடப் பெரியதா என்று கேட்டால் எப்போதும் இல்லை என்றுதான் வரும். ஆகவே 12-க்கு மேற்பட்ட நாள் எழுதிய எந்தப் பதிவும் இனி போகவே போகாது. அடுக்குவதும் குழம்பிவிடும். முன்வரிசையில் இந்த மாதிரி வரிகள் நிறைந்துவிட்ட நாளில்தான் உங்களுக்கு எதுவுமே போகவில்லை. மிச்சமுள்ள சில பதிவுகள் 14 நாள் காவல் முடிந்ததும் மறுபடி கிளம்புகின்றன.

`File > Settings` போய் `Locale` இந்தியா என்று மாற்றுங்கள், அங்கேயே `Time zone` கொல்கத்தா நேரமா என்றும் பாருங்கள். வழக்கத்தை மாற்றினாலும் ஏற்கனவே எழுத்தாக உட்கார்ந்தவையும் மே 12 ஆனவையும் தாமாகத் திருந்தும் என்று நம்ப வேண்டாம். கையால் அடித்ததை அழித்துவிட்டு `2025-11-25` என்கிற வடிவில் மறுபடி அடியுங்கள். அதில் எந்த நாட்டு வழக்கத்துக்கும் குழப்பம் வராது. ஸ்கிரிப்ட் தானாக எழுதும் தேதியில் இந்தச் சிக்கல் கிடையாது.

மாடித்தோட்டம்_சேலம்:
சரியாயிடுச்சு சார். இன்னும் ஒண்ணு. புதுசா பத்துப் பதிவு எழுதி வச்சிருக்கேன், எல்லாம் கீரை பத்தி. கடைசித் தேதிக் கட்டத்தை வெறுமையா விட்டுச் சேர்த்துடலாமா?

ஸ்கிரிப்ட்_ராமு:
விடாதீர்கள். வெற்றுக் கட்டம் கழித்தலில் 0 ஆகிவிடும், அதாவது எல்லாவற்றையும்விடப் பழசு. பத்தும் முன்வரிசையை அடைத்துக்கொள்ளும். அந்த இரண்டு மூன்று வாரத்தோடு போகாது. நெருக்கமான தேதியில் போனவை அடுத்த சுற்றிலும் கூட்டமாகவே முன்னால் வரும், குலுக்கல் அதை மெதுவாகத்தான் கலைக்கும். பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கி, நாலு பழைய வரிக்கு ஒரு புது வரி என்று செருகி, பக்கத்து வரியின் தேதியையே புதியதற்கும் கொடுங்கள். பொய்த் தேதிதான், அதனால் ஒன்றும் கெடாது. முதலாவது நாளையோ மறுநாளோ போகட்டும்.

குறள்_தினம்:
391 அருமையாக ஓடுகிறது, நன்றி. ஒரு சந்தேகம். என் பக்கத்தில் சில நாள் ஒரே குறள் இரண்டு முறை போகிறது, சில நிமிஷ இடைவெளியில். எண் சரியாகத்தான் இருக்கிறது.

ஸ்கிரிப்ட்_ராமு:
தினமும் இரண்டு பதிவு போனால் முதலில் டிரிக்கர் பக்கத்தைப் பாருங்கள். `ScriptApp.newTrigger` உள்ள ஃபங்ஷனை இரண்டு முறை ஓட்டினால் இரண்டு டிரிக்கர் உட்கார்ந்துவிடும். காலை 7 என்று கொடுத்தாலும் 7-க்கும் 8-க்கும் நடுவில் ஏதோ ஒரு நேரத்தில்தான் ஓடும், அதனால் இரண்டும் வேறு வேறு நிமிஷத்தில் போகும். இதற்கு ஒரே டிரிக்கரை விட்டு மற்றதை அழித்தால் போதும்.

சில நாள் மட்டும் ஒரே குறள் இரண்டு முறை போனால் எழுதும் வரிசையைப் பாருங்கள். அனுப்பிவிட்டு, பிறகு எண்ணைக் கூட்டுகிறீர்களா? பதிவு போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வராமல் ஸ்கிரிப்ட் நின்றுவிட்டால் எண் பழையபடியே இருக்கும். மறுமுயற்சியில் அதே குறள் போகும். முதலில் எழுதுங்கள், பிறகு அனுப்புங்கள்.

```
cell.setValue(now);
SpreadsheetApp.flush();
const res = UrlFetchApp.fetch(url,
  { method: 'post', payload: body, muteHttpExceptions: true });
if (res.getResponseCode() === 400) cell.setValue(old);
```

400 என்றால் டெலிகிராம் தெளிவாக மறுத்துவிட்டது, பதிவு போகவில்லை. பழைய தேதியைத் திருப்பி வைக்கலாம். அப்படி வைக்காவிட்டால் அந்தப் பதிவு ஒரு சுற்று முழுக்கக் காணாமல் போகும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. `MarkdownV2` வைத்திருந்தால் வாக்கியத்தின் சாதாரண முற்றுப்புள்ளிக்கு முன்னால்கூட `\` போட வேண்டும், விட்டால் 400-தான். அந்த வரியைச் சிவப்பாக்கி வைத்துக் கையால் திருத்துங்கள், இல்லையென்றால் நாளைக்கும் அதுவே போய் முட்டும். ஆனால் `fetch` பதிலே இல்லாமல் பிழை எறிந்தால், போயிற்றா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அங்கே தேதியைத் திருப்பாதீர்கள். ஒரு நாள் பதிவு தவறுவது, இரண்டு முறை போவதைவிட நல்லது. மாஸ்டடானில் `Idempotency-Key` என்று ஒரு தலைப்பு அனுப்பினால் அதே பதிவை இரண்டாவது முறை போடாது. டெலிகிராம் பாட்டில் அந்த வசதி இல்லை.

ஷாப்_கண்ணன்:
பின் பண்ணிட்டேன். ஒரு கேள்வி, பழசு திரும்பப் போகும்போது முன்னால போட்டதை அழிச்சுடலாம்ல? அப்போ ரெண்டு தடவை இருக்கவே இருக்காதே. இவ்ளோ கணக்கு எதுக்கு?

செல்வி.பா:
அழித்தால் அதன் கீழே இருந்த கேள்வி பதிலும் போய்விடும், யாராவது பகிர்ந்த இணைப்பும் செத்துவிடும். மாடித்தோட்டப் பக்கத்தில் கருத்துப் பகுதியில்தான் பாதி விஷயம் இருக்கும்.

நெல்லை_பையன்:
டெலிகிராம்ல கமென்ட்டே திறந்து விடாத சேனலுக்கு அழிக்கிறதுதான் சுத்தம்னு நான் நினைக்கிறேன். தேடுனா ஒரே பதிவு ஆறு தடவை வந்து நிக்கிறது எரிச்சலா இருக்கு.

செல்வி.பா:
அது நியாயமான வாதம்தான். அங்கே அப்படியே செய்து பார்க்கலாம். ஃபேஸ்புக்கில் வேண்டாம்.

சேலத்துக்காரர் இன்னும் இரண்டு பத்தி சேர்க்க வேண்டும். ஒன்று "மறுபார்வைத் தேதி". விதை விலை, மானியம், கடை முகவரி, இணைப்பு உள்ள பதிவுகளுக்கு ஆறு மாதம் தள்ளி ஒரு தேதி. அது தாண்டினால் `on` தானாக அணைந்து, நீங்கள் படித்துப் பார்த்த பிறகுதான் மறுபடி எரிய வேண்டும். மண்கலவைக்கு இது தேவையில்லை, தேங்காய்நார்க் கழிவின் விகிதம் மாறப்போவதில்லை.

இன்னொன்று மொத்த வரிசையையும் நிறுத்த ஒரே ஒரு கட்டம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்து சென்னை தண்ணீரில் நின்றபோது, "செடிக்குத் தண்ணீர் போதுமா?" என்று தானாக ஒரு பதிவு போனால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அந்தக் கட்டம் ஷீட்டின் முதல் வரியில், கைபேசியிலிருந்தே தட்டும்படி இருக்கட்டும். மறுபடி திறக்கும்போது விட்டுப்போன நாட்களுக்குச் சேர்த்துப் போடாதபடி ஸ்கிரிப்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாடித்தோட்டம்_சேலம்:
சேர்த்துப் போடாது மேடம், ஒரு ஓட்டத்துக்கு ஒண்ணுதான். கட்டம் வச்சுட்டேன். கேக்கணும்னு இருந்தது, ஃபேஸ்புக்குக்கும் டெலிகிராமுக்கும் ஒரே தேதிப் பத்தி போதுமா, தனித்தனியா வேணுமா?

ஸ்கிரிப்ட்_ராமு:
தனித்தனி. ஒன்றில் தினமும், இன்னொன்றில் ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் ஒரே பத்தியில் கணக்கு நிற்காது. `last_fb`, `last_tg` என்று இரண்டு வையுங்கள். குடும்பத் தேதியும் அப்படியே இரண்டு. இரண்டு பக்கத்திலும் ஒரே நாளில் ஒரே பதிவு போகக்கூடாது என்று நினைத்தால், டெலிகிராமுக்குத் தேர்ந்தெடுக்கும்போது `last_fb` இந்த வாரத்துக்குள் உள்ள வரிகளைத் தவிர்த்துவிடுங்கள். அது அவசியமா என்பது உங்கள் வாசகர்கள் இரண்டிலும் ஒரே ஆட்களா என்பதைப் பொறுத்தது.

மாடித்தோட்டம்_சேலம்:
பாதிப் பேர் ரெண்டுலயும் இருப்பாங்கன்னு தோணுது. தவிர்க்கிற மாதிரியே வைக்கிறேன், பிப்ரவரில பதிவு பத்தலைன்னா அதை எடுத்துட்டுப் பார்க்கிறேன்.